பீரோவில் பூட்டிய மூன்று லட்சம்

தையல்கடைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிக்சட் டெபாசிட்டின் பேரில் வங்கி கொடுத்த நான்கு லட்சம் ஓவர்டிராஃப்டையும் மொத்தமாக எடுத்து, ஒரு லட்சத்துக்குத் துணி வாங்கிவிட்டு, மிச்சத்தை அவசரத்துக்கு ஆகுமென்று பீரோவில் பூட்டியிருந்தார். மாத வட்டியைப் பார்த்ததும் வங்கிக்கு ஓடினார்.

“ஒரு லட்சந்தானேம்மா செலவு பண்ணேன்?”

“நாலு லட்சத்தையும் எடுத்துட்டீங்களே சார்! எடுக்காம விட்டிருந்தா அந்த மூணுக்கு வட்டியே கிடையாது. இப்பவும் கெட்டுப்போகல, மிச்சத்தைக் கட்டிடுங்க. இனிமே ஒரு லட்சத்துக்குத்தான் வட்டி. வேணும்போது மறுபடி எடுத்துக்கலாம்” என்றார் அதிகாரி.

வீட்டுக்குப் பறந்து வந்து பீரோவைத் திறந்தார். காலி.

“சும்மாதானே கெடக்குதுன்னு என் தம்பிக்குக் குடுத்தேன்” என்றாள் மனைவி. “அவன்கிட்டப் போயி வட்டி கிட்டின்னு கேட்டு என் மானத்தை வாங்காதீங்க.”