முதல் பிள்ளையின் கணக்கு

முதல் பிள்ளை கேட்காமலே வந்தது. கல்யாணமான புதிதில், மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. பக்கத்து மேசைக்காரி, "என்னடி, விசேஷமா?" என்று கேட்டுச் சிரித்தாள். அப்படித்தான் தெரிந்தது. அதற்குள் ஆசைப்படக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பிரசவமும் சிக்கலில்லாமல் முடிந்தது. பெண் குழந்தை. துறுதுறுவென்று இருந்ததால் வாலு என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள்.

வாலு பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் இன்னொன்று வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். முடிவெடுத்தால் போதும் என்று நினைத்தார்கள். மூன்று வருடம் ஓடிவிட்டது.

மாமியார் ஆரம்பத்தில் ஜாடையாகப் பேசினாள். பிறகு ஜாடையும் போயிற்று. ஒருநாள் மதியம், சாப்பிட வந்திருந்த நாத்தனார் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். பரிமாறிக்கொண்டிருந்தவளைப் பார்த்து மாமியார் சொன்னாள்:

"நாள் பூரா அந்த மெஷின் முன்னாடி உக்காந்தா எங்கிருந்து தங்கும்? உடம்பு சூடேறிக் கிடக்கு."

"அத்தை, வாலு வயித்துல இருந்தப்பவும் அதே மெஷின்தான்."

"அப்ப வயசு இருந்துச்சு. என் மகன்மேல குறை சொல்ல முடியுமா? சாட்சி வாசல்ல ஓடிட்டிருக்கு."

கணவன் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருந்தான். முப்பது தாண்டியதும் தொப்பை விழுகிறதென்று ஜிம்முக்குப் போக ஆரம்பித்து, இப்போது சட்டைக் கை இறுகும்படி தோள் திரண்டிருந்தான். அம்மா சொன்ன சாட்சி அவனுக்கும் போதுமானதாக இருந்தது.

கருத்தரிப்பு மருத்துவமனைக்கு அவள் தனியாகத்தான் போனாள். அங்கேயும் அவளுக்கு நல்ல வரவேற்பு இல்லை. பள்ளி விடுமுறையாதலால் ஒருநாள் வாலுவையும் கூட்டிப் போக வேண்டியதாயிற்று. எதிர் நாற்காலியில் இருந்தவள் வாலுவை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒண்ணு இருக்குல்ல. இங்க எதுக்கு வர்றீங்க? நாங்க ஒண்ணுமே இல்லாம உக்காந்திருக்கோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. வாலுவை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள். ஆனால் அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. இருப்பவளும் அழலாம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ரத்தப் பரிசோதனை, கருமுட்டை வெடிக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். அடிவயிற்றைக் கயிறு கட்டி முறுக்கியதுபோல் இருந்தது. அடைப்பு ஒன்றுமில்லை. டாக்டரம்மா கோப்பை மூடி வைத்தாள்.

"உங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. அவர் டெஸ்ட் எடுக்கச் சொல்லி எத்தனை தடவை சொல்லிட்டேன்? அவர் ரிப்போர்ட் இல்லாம இனி ஒரு மாத்திரைகூட எழுத மாட்டேன்."

அன்று சாயங்காலம் அவள் சொன்னதும் கணவன் ரிமோட்டை சோபாவில் விட்டெறிந்தான்.

"ஒரு பிள்ளை பெத்தவன் நான். என்னைப் போய் டப்பால பிடிச்சுக் குடுக்கச் சொல்றியா?"

"நானும்தாங்க பெத்தேன். என்னைக் குத்தினாங்க, படம் எடுத்தாங்க, காலை விரிச்சு மேசைல படுக்க வச்சாங்க. நான் முடியாதுன்னு சொன்னேனா?"

"அது பொம்பளைங்க விஷயம்."

"அப்ப பொம்பளையே தனியா பெத்துக்கட்டும்னு உங்கம்மாகிட்ட சொல்லுங்க. தினம் என் உசிரை எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில், "உன் வாயை அடைக்கறதுக்காக வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பரிசோதனைக்கு வந்தான். முடிவு வந்ததும் டாக்டரம்மா இன்னொரு முறை எடுக்கச் சொன்னாள். கூடவே ஹார்மோன் அளவும். அதுவும் வந்தபின் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தாள்.

"ரெண்டு தடவையும் விந்தணு ஒண்ணுகூட இல்ல."

அவள் அவன் கையைப் பிடிக்கப் போனாள். பாவம், உடைந்துவிடுவானே என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது. அவன் கையை உதறினான். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"அப்போ வீட்ல இருக்கறது யாருது?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

டாக்டரம்மாதான் பேசினாள். குரல் உயரவில்லை, ஆனால் அறைந்ததுபோல் இருந்தது.

"இது இன்னைக்கு உள்ள நிலைமை. அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு இதை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. ஜிம்ல ஊசி போட்டுக்கறீங்களா?"

"அது... சத்து ஊசி. கோச் குடுப்பாரு. எல்லாரும் போடுறாங்க."

"எவ்வளவு நாளா?"

"வாலு நடக்க ஆரம்பிச்சதுல இருந்து."

"அது சத்து ஊசி இல்ல, ஆண் ஹார்மோன். வெளியில இருந்து அது உள்ள போனா, விந்தணு உண்டாக்குங்கற உத்தரவை மூளை நிறுத்திடும். உங்க ரத்தத்துல அந்த உத்தரவு அடிமட்டத்துல கிடக்கு. ஆம்பளைத்தனத்துக்குன்னு போட்டுக்கிட்டீங்க, அது கடையையே மூடிடுச்சு. நிறுத்தினா பெரும்பாலும் திரும்பி வரும். மாசக்கணக்காகும், வருஷத்துக்கு மேலயும் ஆகலாம். பழையபடி வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

வண்டியில் ஏறியதும் அவன், "ஏதோ அதிர்ச்சில வந்துடுச்சு. மனசுல வச்சுக்காத. அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாத" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமியார் வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னாங்க? இப்பவாவது உன் குறை என்னன்னு தெரிஞ்சுதா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் பதில் சொன்னாள். "தெரிஞ்சுது அத்தை. உங்க மகன் தோளுக்காகப் போட்டுக்கிட்ட ஊசி விந்தணுவைத் துடைச்சு எடுத்துடுச்சு. மூணு வருஷமா நான் வாங்கின ஏச்சு எல்லாம் அவருக்குச் சேர வேண்டியது. இன்னொண்ணும் கேளுங்க. வாலு யாருக்குப் பொறந்தான்னு டாக்டர் முன்னாடி உங்க மகன் என்கிட்ட கேட்டாரு."

மாமியார் மகனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கண்டிப்பாள் என்று அவள் எதிர்பார்த்தது பைத்தியக்காரத்தனம். "ஊர் கேக்கும்படி ஏன் கத்துற?" என்று மாமியார் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து வாலுவை மடியில் வைத்துக்கொள்வதும் குறைந்தது. அதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

அவள் தன் துணிமணிகளை வாலுவின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். கணவன் டாக்டர் கண்காணிப்பில் ஊசியை விட்டான். சோர்ந்தான், எரிந்து விழுந்தான், தோள் வற்றியது. ஒரு வருடம் போவதற்குள் அணுக்கள் திரும்பத் தொடங்கின. குறைவுதான், ஆனால் வழி இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதும் வெகுநாள் கழித்துச் சிரித்த முகத்துடன் கடைக்கே வந்துவிட்டான்.

"அடுத்த வாரம் சேர்ந்து வரச் சொன்னாங்க. உனக்கு லீவு கிடைக்குமா?"

அவள் ஒரு லென்ஸைத் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் ஏங்கிய மனம் இப்போது துள்ளும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். துள்ளவில்லை.

"நான் வரலங்க."

"ஏன்? எல்லாம் சரியாயிடுச்சே?"

"உங்களுக்குச் சரியாயிடுச்சு. நாளைக்கு இன்னொண்ணு பொறந்து, உங்க சாயல் கொஞ்சம் குறைஞ்சா, திரும்ப அந்தக் கேள்வியைக் கேப்பீங்க. ஒரு பிள்ளைக்காக அதை நான் காதால கேட்டது போதும்."

"எத்தனை தடவைதான் மன்னிப்பு கேக்கறது?" என்று அவன் பல்லைக் கடித்தான். பக்கத்து மேசைக்காரி எழுந்து உள்ளே போனாள்.

"கேக்காதீங்க," என்றாள் அவள். "வேலை கிடக்கு. போங்க."

அவன் கதவை அறைந்துவிட்டுப் போனான். அவள் லென்ஸை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு இயந்திரத்தை ஓடவிட்டாள்.