கட்டைவிரல்

4-7-1963, வியாழன். இன்று ஒரு சிறு தவறு. பதினோராம் பெட்டியில் ஒரு பாட்டிலின் மூடி மேலே எழும்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன். தட்டச்சு வகுப்புக்கு ஐந்து நிமிஷம் தாமதம்.

சேஷகிரி இரண்டு வாரம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து படித்தான். 'சிறு தவறு' என்ற சொல்லை அன்று எழுதும்போது உறுத்தவில்லை. இன்று கண்ணில் குத்தியது.

அவன் வேலை பார்த்தது ஒரு சின்னப் பழப்பதனிடும் தொழிற்சாலையில். சர்க்கரைப்பாகில் மாம்பழத் துண்டுகளைச் சூடாக நிரப்பி, தகர மூடி போட்டு, கொதிநீர்த் தொட்டியில் இறக்கி எடுத்து ஆறவிடுவார்கள். ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி அடங்கும். மூடியின் நடுப்பகுதி பள்ளமாக உள்ளே இழுபடும். பள்ளம் இருந்தால் காற்றுப் புகவில்லை என்று பொருள். இரண்டு நாள் வைத்துப் பார்த்த பிறகும் நடு எழும்பியிருந்தால் அதைத் தொடாமல் ஒதுக்க வேண்டும். மற்றவற்றைக் குச்சியால் தட்டி ஓசை பார்த்து, மூடிக்கு மேல் காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். பார்ப்பவன் சேஷகிரி. மூடி போடுபவள் பாஞ்சாலி. ஆறு வருஷமாக அவள் கைதான் அந்த மேஜையில்.

திங்கட்கிழமை மல்லேஸ்வரத்துக் கடைக்காரர் பதினோராம் பெட்டியில் போன ஒரு பாட்டிலைத் திருப்பி அனுப்பியிருந்தார். காகிதப் பட்டை கிழியவில்லை. மூடி மட்டும் புடைத்து நின்றது. உள்ளே பாகு நுரைத்திருந்தது.

மேஸ்திரி சுந்தரராமன் அதை மேஜையில் வைத்தார்.

"பட்டை முழுசா இருக்கு. கடையிலே யாரும் தொடலே. அப்ப கோளாறு நம்ம கிட்டேதான். என்னம்மா பாஞ்சாலி, கை நடுங்க ஆரம்பிச்சுட்டுதா?"

"என் கைக்கு என்ன சார் கேடு? நான் கோணலா போட்டிருந்தா ரெண்டாம் நாளே மூடி தூக்கிக்கிட்டு நின்னிருக்கும். பாத்தவரு இருக்காரே, கேளுங்க." அவள் சேஷகிரி பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க தம்பி. கண்ணுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சேஷகிரிக்குக் காது சூடாயிற்று.

"பட்டை ஒட்டறப்ப எல்லாம் பள்ளமாத்தான் இருந்தது, சார்" என்றான்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஒட்டும்போது பள்ளமாகத்தான் இருந்தது. பள்ளமாக்கியது தன் விரல் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. அழுத்தியபின் குச்சியால் ஒரு தட்டுத் தட்டியிருந்தாலும் ஓசை மந்தமாகக் கேட்டிருக்கும். அதையும் செய்யவில்லை.

பாஞ்சாலி அவனையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான்.

"சரி தம்பி. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

"நாளையிலிருந்து வர பேடாம்மா. ஆள் தேவைப்பட்டா சொல்லி அனுப்பறேன்" என்று கன்னடம் கலந்து சொன்னார் சுந்தரராமன். அவள் சேலைக்கு மேல் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்த்து, நான்காக மடித்து, மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை அந்தப் பாட்டிலைக் கொட்டிக் கழுவச் சொன்னார்கள். சேஷகிரி தானே எடுத்துக்கொண்டு போனான். கழுவும்போது வாய் விளிம்பில் விரலுக்குச் சுருக்கென்றது. வெளிச்சத்தில் திருப்பினான். கண்ணாடியில் அரிசிமுனை அளவு உடைப்பு. மூடியின் ரப்பர் அங்கே படியவே படியாது. யார் போட்டிருந்தாலும் காற்று உள்ளே புகுந்திருக்கும். அதைத்தான் அந்த மூடி இரண்டாம் நாளே எழும்பி நின்று சொல்லியிருக்கிறது. வாயை அடைத்தவன் அவன்.

பாட்டிலைத் துடைத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டான். அன்று தட்டச்சு வகுப்புக்குப் போகவில்லை. விவேக் நகர் பக்கம் பாஞ்சாலியின் வீடு என்று கேள்வி. அங்கிருந்த கோவில் வரை போய், யாரிடமும் வழி கேட்காமல் திரும்பிவிட்டான். மேஸ்திரியிடம் சொல்லாமல் அவளிடம் மன்னிப்புக் கேட்டால் அது யாருக்கு உதவும்? இந்தக் கேள்வி நியாயமானதா, பயத்துக்குப் போட்ட சட்டையா என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து பழைய பக்கத்தில் 'சிறு' என்பதை அடித்தான். பிறகு புதுப் பக்கம் திருப்பினான்.

17-7-1963, புதன். நாளை ஏழரைக்கு, சங்கு ஊதுமுன், பாட்டிலையும் இந்த நோட்டையும் சுந்தரராமன் சாரிடம் கொடுக்க வேண்டும். மூடியை அழுத்தியது நான் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதன் பிறகு விவேக் நகர். பாஞ்சாலி அம்மா வீட்டுக்கு வழி கேட்க வேண்டும்.