நடு டிராயர்

பென்சில் அண்ணன் இருபது வருஷமா பீரோவும் அலமாரியும் செய்யுறவர். காதில் பென்சில் இல்லாத நேரத்தில் அவரைப் பார்த்தவங்க யாருமில்லை. குளிக்கப் போகும்போதாவது எடுத்து வைக்கிறாரா என்று அவர் மனைவியைக் கேட்டால், "அதை ஏன் கேக்குறீங்க" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு வந்த சோதனையைப் பாருங்கள். ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மா அறுபது ஃபிளாட்டுக்கு வார்ட்ரோப் செய்ய ஆள் தேடுகிறார். மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறார், அதில் அண்ணனும் ஒருவர். வேலை கேட்டு வருபவர் கையில் படத்தோடு ஒரு ஆல்பம் இருக்கவேண்டுமாம். அறை எல்லாம் சின்னது, வெளியே திறக்கிற கதவு கட்டிலில் இடிக்கும், அதனால் பக்கவாட்டில் தள்ளுகிற ஸ்லைடிங் கதவுதான் வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அண்ணன் அதுவரை செய்ததெல்லாம் கீல் போட்ட கதவு. ஆல்பத்துக்கோ, போனில் எடுத்த நாலு மங்கலான போட்டோவைத் தவிர அவரிடம் ஒன்றுமில்லை. ஒன்றிலே அவர் கட்டைவிரலும் சேர்ந்து விழுந்திருக்கிறது. இந்த வேலை கிடைத்தால் பட்டறைக்கு இரண்டு வருஷம் ஓய்விருக்காது. கிடைக்காவிட்டால் பழையபடி நாற்காலிக்குக் கால் ஒட்டவேண்டியதுதான்.

"படம் நான் போட்டுத் தரேன்ணா" என்றாள் தங்கச்சி. ஒரு இன்டீரியர் கம்பெனியில் கம்ப்யூட்டரில் அறை வரைகிற வேலை அவளுக்கு. லீவு போட்டுவிட்டு லேப்டாப்போடு பட்டறைக்கே வந்துவிட்டாள். இழைப்புத் தூள் படாமல் அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்துக்கொண்டாள்.

அண்ணன் ஒரு ப்ளைவுட் துண்டிலேயே கணக்குப் போட்டுக் கொடுத்தார். எட்டடி அகலம், ஏழடி உயரம். உள்ளே சரிசமமாக மூன்று பாகம். இடது பக்கம் ஷெல்ஃப், வலது பக்கம் ஹேங்கர் கம்பி, நட்டநடுவில் நாலு டிராயர். ஆழம் மட்டும் இருபத்தாறு அங்குலம். "கதவு ரெண்டும் ஒண்ணுக்கு முன்னால ஒண்ணா ஓடும். அதுக்கே நாலு அங்குலம் போயிடும். மிச்சத்துலதான் சட்டை தொங்கணும், தோள்பட்டை இடிக்கக் கூடாது" என்றார். தங்கச்சி தலையாட்டிக்கொண்டே தட்டினாள்.

மத்தியானத்துக்குள் படம் வந்துவிட்டது. அடேயப்பா! மரத்தின் ரேகைகூடத் தெரிகிறது. மடித்த துணிகள் ஷெல்ஃபில் அடுக்கடுக்காக. முதலில் உள்ளே போட்ட வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்து, "என்னடி இது, மருந்துக் கடை மாதிரி இருக்கு" என்றார் அண்ணன். அவள் அதை இளமஞ்சளாக மாற்றினாள். எல்.இ.டி. பட்டையைப் பக்கப் பலகையின் முன் ஓரத்தில் பள்ளமாகக் காடி வெட்டிப் பதித்து, உள்நோக்கித் திருப்பி, மேலே பால் நிறத்தில் ஒரு மூடி போட்டாள். புள்ளிப் புள்ளியாகத் தெரிந்த விளக்கு ஒரே கோடாகக் கரைந்து துணிமேல் இறங்கியது. பின்பலகையில் விளக்கை வைத்தால் துணியெல்லாம் இருட்டாகத் தெரியும் என்று வேறு விளக்கினாள். நம்ம வீட்டுப் பெண்ணுக்கு இவ்வளவு தெரியுமா என்று அண்ணன் அசந்துபோனார். தெருவில் போன வெல்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். டீ கொண்டுவந்தவரையும் விடவில்லை.

"இருண்ணா, இன்னும் கதவு போடலையே" என்றாள் அவள்.

கதவு போட்டாள். இடது கதவை வலப்பக்கம் தள்ளினாள். அப்புறம் வலது கதவை இடப்பக்கம் தள்ளினாள். மறுபடி இடது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணன் கிட்டே வந்தார்.

"என்ன?"

"நடு டிராயர் வெளிய வராதுண்ணா."

"ஏன் வராது? நல்ல ஸ்லைடு போடுவேன், வெண்ணெயா வரும்."

"எந்தக் கதவைத் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். டிராயர் நடுவுல இருக்கு. ஒரு பாதி எப்பவும் கதவுக்குப் பின்னாலயே நிக்கும். இழுத்தா கதவுல முட்டும்."

அண்ணன் சிரித்தார். "உன் கம்ப்யூட்டர் தப்புடி." ஆனாலும் மனசு கேட்கவில்லை. தரையில் சாக்பீஸால் எட்டடிக்குக் கோடு போட்டார். மூன்றாகப் பிரித்தார். நாலடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இரண்டு பலகையை எடுத்து, கதவு மாதிரி அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்தார். முட்டுகிறது. எப்படித் தள்ளினாலும் முட்டுகிறது. கீல் கதவில் இரண்டையும் விரியத் திறந்து பழகிய கை, இருபது வருஷப் பழக்கத்தில் டிராயரை நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வெட்கத்தைவிட ஆசை பெரிசாயிற்றே.

"சரி, படத்துல கதவை எடுத்துடு. கதவில்லாமதான் எவ்வளவு அழகா இருந்துது! படத்துல யாரு இழுத்துப் பாக்கப் போறா?"

தங்கச்சி லேப்டாப்பை மூடினாள். "அப்படின்னா வேற யாரையாவது வச்சுப் போட்டுக்கோ. அறுபது வீட்டுல இழுத்துப் பாப்பாங்கண்ணா."

அண்ணனுக்குக் கோபம்தான் வந்தது. சுருக்கென்று வந்தது, அதே வேகத்தில் இறங்கியும் போனது. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "திற. என்ன பண்ணலாம்னு சொல்லு."

இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரித்தார்கள். மூன்று பாகம் போய் இரண்டு பாதியானது. நடுப்பலகை, கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடத்துக்கு நேர் பின்னால் போனது. இடது பாதியில் டிராயர்களைச் சுவர் பக்கம் ஒதுக்கினாள். "ஓரத்துல ஒரு அங்குலத்துக்குப் பட்டிப் பலகை குடு, இல்லேன்னா டிராயர் கதவுச் சட்டத்துல உரசும்" என்றார் அண்ணன். வலது பாதி முழுக்கத் துணி தொங்க. எந்தப் பக்கக் கதவு நகர்கிறதோ அந்தப் பக்க விளக்கு மட்டும் எரிய, பாதிக்கு ஒரு சென்சார். கடைசியில் படத்தில் இடது கதவைத் திறந்து, ஒரு டிராயரை முழுசாக வெளியே இழுத்து நிறுத்தினாள். பாதி மூடி, பாதி வெளிச்சம். அண்ணனுக்கு இது முன்னதைவிடப் பிடித்துப்போயிற்று. வெல்டரைத் திரும்பவும் கூப்பிடத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை ஆர்க்கிடெக்ட் அம்மாவின் ஆபீஸ். அண்ணனும் தங்கச்சியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சி அச்சடித்துக் கோர்த்த ஆல்பத்தை அந்த அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வார்ட்ரோப் படம் வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"டிராயரை நடுவுல வைக்காம ஏன் ஓரத்துல வச்சீங்க? நடுவுல வச்சாத்தானே பாக்க அழகு?"

அண்ணன் கதவு ஓடுவதையும், பாதி மறைவதையும், ஒரு அங்குலப் பட்டியையும் கையாலேயே மேசைமேல் நகர்த்திக் காட்டினார். அந்த அம்மா முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"நீங்க ஸ்லைடிங்ல கை தேர்ந்த ஆளு போல. எத்தனை வருஷமா செய்றீங்க?"

'இருபது வருஷமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறுபது வீடு. அண்ணனைக் காட்டிக்கொடுக்கிற பெண் இல்லை தங்கச்சி.

அண்ணன் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லம்மா. ஸ்லைடிங் எனக்கு இதுதான் முதல். நான் டிராயரை நடுவுலதான் வச்சேன். வராதுன்னு கண்டுபிடிச்சது இவ. படத்துலயாவது ஏமாத்திடலாம்னு பாத்தேன், இவ விடல."

சொல்லிமுடித்ததும் வேலை போய்விட்டது என்றே நினைத்தார். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பக்கத்தில் தங்கச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது சிவந்துபோய்.

அந்த அம்மா ஆல்பத்தை மூடினார். "முதல்ல ரெண்டு ஃபிளாட் செஞ்சு காட்டுங்க. நான் வந்து ஒவ்வொரு டிராயரா இழுத்துப் பாப்பேன். சரியா இருந்தா மிச்சமும் உங்களுக்குத்தான்." ஃபிளாட் பிளான் தாள்களைக் கட்டாக எடுத்தார். அண்ணன் இரண்டு கையையும் நீட்டினார். அந்தக் கட்டு அவரைத் தாண்டிப்போய்த் தங்கச்சி கையில் இறங்கியது.

"பலகை வெட்டுறதுக்கு முன்னால எல்லாம் இவங்க கம்ப்யூட்டர்ல ஒருதடவை திறந்து மூடணும். சம்மதமா?"

நீட்டிய கை வெறுமனே நின்றது. பொறாமை வந்திருக்கவேண்டும், வரவில்லை. தெருவையே கூப்பிட்டு, இவள் என் தங்கச்சி என்று சொல்லவேண்டும் போலிருந்தது.

"சம்மதம்மா" என்றார் அண்ணன். "இவ திறந்து பாக்காம நான் ரம்பத்தைத் தொட மாட்டேன்."