அந்த ஏழு வரிகள்

வரிக்கணக்கு போட்டுத் தரும் ஒரு அம்மாவின் அலுவலகம், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஜன்னல் ஓரம் கயிறு கட்டிய ஃபைல்கள் கூரை வரை அடுக்கியிருந்தன.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்கிறேன். இதுவரை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததில்லை. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை, அதனால் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இந்த வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க, கணக்கு தாக்கல் செய்த ரசீது வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

"முன்னாடியே எல்லாம் நிரப்பித்தான் வரும்யா. வந்ததை அப்படியே ஓகே குடுத்துடு. நோண்டாதே" என்று சூப்பர்வைசர் போனில் சொன்னார்.

அவர் ஏன் நோண்டாதே என்றார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

முதலில் இணையதளத்தில் எனக்கு ஒரு கணக்கு திறக்க வேண்டும். அம்மா பான் கார்டு எண்ணைக் கேட்டார். மனப்பாடமாகச் சொன்னேன். பெயரைக் கேட்டார், சொன்னேன். பிறந்த தேதியைக் கேட்டார், சொன்னேன். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

"பொருந்தலைன்னு சொல்லுது அண்ணே. கார்டை எடுங்க பாக்கலாம்."

கார்டில் ஜூன் ஒன்று என்று இருந்தது.

"இது யாரோட பிறந்த நாளு?"

"என்னோடதுதாம்மா. ஸ்கூல்ல சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. நிஜமா பிறந்தது மார்கழியில."

"அப்ப உங்க கிளாஸ்ல எத்தனை பேருக்கு ஜூன் ஒண்ணு?"

"முக்கால்வாசிப் பேருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "கவர்மெண்டுக்கு நீங்க ஜூன்லதான் பிறந்தீங்க. இனிமே அதையே சொல்லுங்க." ஜூன் ஒன்றைப் போட்டதும் கதவு திறந்தது. அடுத்து போன் நம்பர். பக்கத்துக் கடைக்காரர் நம்பரையும் போடலாமா என்று கேட்டேன், என் போனில் அடிக்கடி சிக்னல் இருக்காது. அவர் முகம் மாறியது.

"எந்தக் காலத்துலயும் செய்யாதீங்க. நாளைக்கு நோட்டீஸ் வந்தா அந்த நம்பருக்குத்தான் வரும். என் நம்பரைக்கூட போட விடாதீங்க."

மின்னஞ்சலுக்கு என் மகள் திறந்து வைத்திருந்த முகவரியைக் கொடுத்தேன். போனுக்கு ஒரு ஓடிபி, மின்னஞ்சலுக்கு வேறு ஒரு ஓடிபி. இரண்டையும் கேட்டு அடித்தார். பாஸ்வேர்டை நானே அடித்தேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு செய்கையில் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு, என்னைப் பற்றி வரித்துறைக்கு மற்றவர்கள் சொன்ன தகவல் எல்லாம் இருக்கும் பக்கத்தைத் திறந்தார். ஏஐஎஸ் என்றார். வங்கி வட்டி ஒரு வரி. அதன் கீழே கம்பெனி கொடுத்த பணம், மாதம் மாதமாக.

"வருஷத்துக்கு ஆறு லட்சத்து எட்டாயிரம். நல்லாத்தான் சம்பாதிக்கிறீங்க."

"இல்லம்மா. மூணு லட்சத்து எண்பத்து நாலுதான் என்னோடது."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். ஏப்ரல் அறுபத்து நாலாயிரம். மே அறுபத்து நாலாயிரம். ஜூன், ஜூலை என்று அக்டோபர் வரை அதே தொகை. நவம்பரில் முப்பத்திரண்டாயிரம். அதிலிருந்து மார்ச் வரை முப்பத்திரண்டுதான்.

"நவம்பர்ல என்ன ஆச்சு? பாதியாயிடுச்சே?"

எவனோ ஒரு கிளார்க் அடித்த எண்ணில் ஒல்லி செத்த மாதம் தெரிந்தது.

ஒல்லி என்பது பெயருக்குத்தான். ஆள் நூறு கிலோ. "நான் ஏறினா ஓவர்லோடு மணி அடிக்கும்டா" என்பான். ஒன்பது வருஷம் நாங்கள் ஜோடி. லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே மோட்டார் அறையில், ஒருவர் கேபின் பக்கம். அவனுக்குப் பான் கார்டு இல்லை. அடுத்த மாசம் போடுறேன் என்றே ஒன்பது வருஷம் ஓட்டினான். கார்டு இல்லாவிட்டால் கம்பெனி வரியாக நூற்றுக்கு இருபது பிடிக்க வேண்டும், இருந்தால் நூற்றுக்கு ஒன்றுதான். "ரெண்டு பேருக்கும் ஒரு கார்டு போதும்யா. உன் கணக்குல மொத்தமா போடறோம், நீ பிரிச்சுக் குடுத்துடு" என்று சூப்பர்வைசர்தான் ஏற்பாடு செய்தார். எங்களுக்கும் அது வசதியாகத் தோன்றியது.

நவம்பர் இரண்டாம் தேதி ஒரு பழைய கட்டிடத்தில் நாலாவது மாடிக் கதவு திறந்தது. கேபின் அங்கே இல்லை. நான் மேலே மோட்டார் அறையில் இருந்தேன். அவன் கத்தவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

கம்பெனி, அவன் எங்கள் ஆளே இல்லை என்று சொல்லிவிட்டது. அவனுக்கு நாங்கள் ஒரு பைசா கொடுத்ததாகப் பதிவில்லை, அவன் மெக்கானிக் கூட்டிவந்த ஆள் என்றது. அவன் மனைவி நஷ்டஈட்டுக்கு வழக்குப் போட்டிருக்கிறாள். இரண்டு பெண் குழந்தைகள். வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது, அவன் கம்பெனி ஆளா, என் ஆளா?

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மேசையில் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது. சுலபமான வழி ஒண்ணு இருக்கு. மொத்தத்தையும் உங்க தொழில் வரவுன்னு காட்டிடலாம். எப்படிப் போட்டாலும் உங்களுக்கு வரி வராது. பிடிச்ச ஆறாயிரத்து எண்பதும் திரும்பி வரும். ரசீதும் கையில வந்துடும்."

"அப்ப ஒல்லி?"

"அப்ப நீங்க கான்ட்ராக்டர், அவரு நீங்க வெச்ச ஆளு. கையெழுத்து போட்டு ஒத்துக்கிட்ட மாதிரி."

சூப்பர்வைசர் ஏன் நோண்டாதே என்றார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னொரு வழி?"

"ஒவ்வொரு வரியிலயும் உங்க கருத்தைச் சொல்லலாம். தகவல் சரி, முழுசா சரியில்லை, வேற ஒருத்தர் பான் நம்பருக்கு உரியது, இப்படி சிலது இருக்கு. அவருக்குப் பான் இல்லாததால அதைப் போட முடியாது. முழுசா சரியில்லைன்னு சொல்லி, உங்க தொகையை மட்டும் எழுதலாம். அப்புறம் கம்பெனியைக் கேப்பாங்க, இது சரியான்னு."

"கம்பெனி இல்லைன்னு சொன்னா?"

"பழைய தொகை அப்படியே நிக்கும். நோட்டீஸ் வரலாம். உங்க பேச்சுக்கு ஆதாரம் கேப்பாங்க. அவரு பங்கை எப்படிக் குடுத்தீங்க, கையிலயா?"

"போன்ல. பணம் வந்த அன்னைக்கே அவன் வீட்டம்மா கணக்குக்கு அனுப்பிடுவேன். அவன் கையில குடுத்தா டீக்கடையோட போயிடும்னு அவளே சொல்லிட்டா."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஸ்டேட்மெண்ட் எடுங்க."

வங்கிச் செயலியில் வருஷ அறிக்கையை இறக்கினார். ஏப்ரல் முப்பது: கம்பெனியிலிருந்து அறுபத்து மூவாயிரத்து முந்நூற்று அறுபது வரவு. அதே நாள், முப்பத்தோராயிரத்து அறுநூற்று எண்பது பற்று. குறிப்பில் நான் அடித்த இரண்டு வார்த்தை: ஒல்லி பங்கு. மே மாதம் அதே. ஜூன் அதே. பிடித்த ஒரு சதவீதத்தைக்கூட சரிபாதியாகப் பிரித்திருந்தேன். ஏழு முறை.

"வேலைக்காரனுக்குச் சம்பளம் குடுக்கறவன் இப்படிச் செய்ய மாட்டான் அண்ணே" என்றார் அம்மா. "கம்பெனி குடுத்ததை ரெண்டா வெட்டியிருக்கீங்க. உங்களுக்குன்னு ஒரு ரூபா எடுக்கலை. இதை வக்கீல்கிட்ட காட்டலையா?"

காட்டவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பயமாக இருந்தது. பணம் என் கையிலிருந்து போனது தெரிந்தால் பழி என்மேல் வரும் என்று ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் மனைவி வீட்டு வழியைக்கூடத் தவிர்த்து, சுற்றிப் போனேன்.

என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஒப்பந்தம் போயிடும்" என்றேன்.

"போனா போகட்டும். லிஃப்ட்டு என்ன அவங்க கம்பெனியில மட்டுமா ஓடுது? ஒழுங்கா எழுதிட்டு வாங்க. ஆறு மாசமா சரியா சாப்பிடலை நீங்க."

அம்மா ஏப்ரல் வரியைத் திறந்தார். 'முழுமையாகச் சரியல்ல' என்பதைத் தேர்ந்தெடுத்து, முப்பத்திரண்டாயிரம் என்று எழுதினார். அடுத்தது மே. ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். ஏழாவது வரி அக்டோபர். அந்த மாதம் ஒல்லி தன் பெரியவளுக்குச் சைக்கிள் வாங்கியிருந்தான்.

பிறகு கணக்குப் படிவம். என் வரவு மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரம். பிடித்த வரியிலும் என் பங்கு மூவாயிரத்து எண்ணூற்று நாற்பதை மட்டும்தான் கேட்க வேண்டும் என்றார். "வருமானம் உங்களுது இல்லைன்னா அந்த வரியும் உங்களுது இல்லை." மீதி இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது யாருக்கும் போகாமல் அங்கேயே நின்றது. பணம் திரும்பி வர வேண்டிய வங்கிக் கணக்கைச் சரிபார்த்து, ஆதாரோடு இணைந்த போனுக்கு வந்த ஓடிபியை அடித்ததும், தாக்கல் முடிந்தது. ரசீதும், ஏஐஎஸ் பக்கமும், வங்கி அறிக்கையும் அச்சாகி வந்தன.

படி இறங்கும்போதே சூப்பர்வைசருக்கு அடித்தேன்.

"முடிச்சிட்டியா? சொன்ன மாதிரியே குடுத்தியா?"

"இல்ல சார். என்னோடதை மட்டும் என்னோடதுன்னு குடுத்தேன். மீதியை உங்களைக் கேப்பாங்க."

"நாளைக்கு வேலைக்கு வர வேணாம்" என்றார். "சொல்லி அனுப்பறேன்."

"சரி சார்."

நேராக ஒல்லி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு காகிதங்களை வாங்கினாள். சைக்கிள் சுவரோரம் நின்றது.

"வாங்கண்ணா. வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

"வக்கீல்கிட்ட குடும்மா. நானும் வந்து சாட்சி சொல்றேன்" என்றேன்.

அவள் முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துத் தேடினாள். "இதுல எங்கேயும் அவரு பேரு இல்லையே?"

"கம்பெனி காகிதத்துல இல்லம்மா. வங்கி காகிதத்துல இருக்கு, பாரு."

ஏழு இடத்திலும் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"ஒல்லின்னே எழுதியிருக்கீங்க" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. காகிதங்கள் நனையாமல் இருக்கச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு நிமிஷம் கழித்து உள்ளிருந்தே குரல் வந்தது.

"உக்காருங்கண்ணா. சாப்பிட்டுப் போங்க."

உட்கார்ந்தேன்.