பங்குக் கன்சோல்

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து கோயிலைவிட்டு இறங்கும்போதே ஜெனிலா கேட்டுவிட்டாள். மணக்குடிக் கடற்கரையில் ஒரு கேள்வியைக் கோயில் வாசலில் வைத்துக் கேட்டால், அது ஊர் முழுக்கக் கேட்டதற்குச் சமம்.

"ஏலே ரிஜோ, எனக்க தம்பி அஞ்சு வருசத்துல உனக்கு நாப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் ரூவா அனுப்பியிருக்கான். அந்த டப்பாவுக்க வெல அம்பதாயிரம். நாலு பேரு பங்கு. பன்னிரண்டரை போக மிச்சப் பைசா எங்கலே?"

ரிஜோ கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் எலெக்ட்ரீசியன். எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். பைசா எங்கே போயிற்று என்று மட்டும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். 2021 தொடக்கத்தில், கொரோனா ஊரடங்கின் அலுப்பு தீராத நாட்களில், ரிஜோ, பெனிட்டோ, ஜெரிஷ், செல்வன் நாலு பேரும் சேர்ந்து ஒரு கேம் கன்சோல் வாங்கினார்கள். ஒருத்தனால் தனியாக வாங்க முடியாது. கடற்கரையில் ஒருத்தனால் முடியாததைப் பங்கு போட்டுத்தான் வாங்குவது வழக்கம். வள்ளம் அப்படித்தான், எஞ்சின் அப்படித்தான், வலையும் அப்படித்தான். கன்சோலும் அப்படியே வந்து ரிஜோ வீட்டு மாடியறையில் இறங்கியது. "ஒரே தடவ செலவு மக்கா. பிறகு சாகுற வர வெளயாடலாம்" என்று சொன்னது ரிஜோதான். அந்த ஒரு வாக்கியம் இப்போது திரும்பி வந்து அவன் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

பெனிட்டோவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண் ஜின்சி, நாகர்கோவிலில் நர்ஸ். கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்கு நாகர்கோவிலில்தான் குடித்தனம். பங்கைப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தபோது, அக்கா ஜெனிலா தம்பியின் ஃபோனை வாங்கிப் பார்த்திருக்கிறாள். அவள் குளச்சலில் விசைப்படகு முதலாளி ஒருவருக்குக் கணக்கு எழுதுகிறவள். ஐஸ் கட்டி ஒன்று கூடுதலாக உடைந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"பங்கு பிரிக்கது எப்பிடின்னு ஊருல வழக்கம் இருக்கு. வள்ளத்த விட்டு ஒருத்தன் விலகினா, வள்ளம் தனியா, எஞ்சின் தனியா, வலை தனியா கரையில வச்சு மதிப்பு போடணும். வா, மதிப்பு போடுவோம்."

தன் வீட்டு மாடிப்படி ஏறும்போதே ரிஜோ மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். இன்னும் முப்பதாயிரத்தை எடுத்து வை என்றால் அவன் எங்கே போவான்? அதைவிட மோசமாக ஒன்று உள்ளே அரித்தது. பெனிட்டோ தலையைக் குனிந்துகொண்டே வந்தான். நான் எடுத்துத் தின்றேன் என்று இவனும் நினைக்கிறானோ? ஒண்ணாம் கிளாஸ் முதல் ஒரே பெஞ்சில் இருந்தவன். அதை நினைக்கும்போது ரிஜோவுக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சி மறைத்தான்.

ஜெனிலா பாயை விரித்தாள். "எல்லாத்தயும் எடுத்து இதுல வை."

ஜெரிஷும் செல்வனும் சுவரோரம் நின்றார்கள். ரிஜோ கன்சோலை எடுத்து வைத்தான். நாலு கன்ட்ரோலர் வைத்தான். ஓடாத கன்ட்ரோலர் ஒன்றை மேஜைக்குள்ளிருந்து எடுத்து வைத்தான். டிஸ்க் பெட்டிகள் ஒன்பது. அவ்வளவுதான். பாயில் முக்கால்வாசி காலியாகக் கிடந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் ஜெனிலா.

"இவ்வளவுதான் அக்கா."

"ஒண்ணே முக்கால் லட்சத்துக்குப் பக்கம் நாலு பேரும் போட்டிருக்கிய. இது ஒண்ணே முக்கால் லட்சமாலே?"

அந்தத் தொகையை முதல்முறையாக மொத்தமாகக் கேட்ட ஜெரிஷ், "யம்மா" என்று பாயில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து வருடமும் "மக்கா ஒரு ஆயிரம் போடு", "மக்கா ஐந்நூறு போடு" என்றுதான் கேட்டிருந்தார்கள். சிறுதுளி பெருவெள்ளம் என்று பள்ளிக்கூடத்தில் சேமிப்புக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். செலவுக்கும் அதே கதைதான் என்று யாரும் சொல்லவில்லை.

"ஒவ்வொண்ணா சொல்லு" என்று ஜெனிலா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

ரிஜோ விரல் மடக்கி எண்ணத் தொடங்கினான். "கன்சோல் அம்பது. அதுகூட ஒரு கன்ட்ரோலர்தான் வரும். நாலு பேரு வெளயாடணுமே, இன்னும் மூணு வாங்கினோம், ஒண்ணு ஆறாயிரம். ரெண்டு வருசத்துல ஒண்ணுக்க குச்சி, நாம தொடாமலே ஒரு பக்கமா இழுக்க ஆரம்பிச்சிது. நாகர்கோவில்ல குடுத்து மாத்தினோம். பிறவும் ரெண்டு போச்சு. ஒண்ண நன்னாக்கி, ஒண்ணு புதுசு வாங்கினோம். கன்ட்ரோலருக்கு மட்டும் இருவத்தாறு போச்சு."

"அம்பதும் இருவத்தாறும் எழுவத்தாறு. மேல."

"உள்ள எடம் பத்தல அக்கா. அறுநூத்துச் சொச்சம் ஜிபிதான் நமக்குக் கெடைக்கும். ஒரு கேமே நூறு நூத்தம்பது ஜிபி. ஒண்ண அழிச்சாத்தான் ஒண்ணு ஏறும். திரும்ப எறக்கணும்னா ரெண்டு நாள் நெட்டு தின்னும். அதுக்கு எஸ்எஸ்டி போட்டோம், எட்டரை. அது உள்ளதான் இருக்கு, கழத்திக் காட்டணுமா?"

"வேண்டாம். மேல."

"கடல் காத்து. உள்ள ஃபேன் துருப்பிடிச்சு ஊதிச்சு. டிவிக்கு ஒயர் குத்துற எடமும் பச்சை பிடிச்சுப் போச்சு. ரெண்டுக்கும் அஞ்சரை."

கடற்கரைக்காரி ஜெனிலா இதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. அவள் வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை தடவை மாற்றியதென்று அவளுக்குத்தான் தெரியும்.

"கேமுக்கு அம்பத்தாறு. அதுல கால்பந்துக்கு மட்டும் இருவது. வருசத்துக்கு ஒண்ணு."

"அதே பந்து, அதே கோலு. எதுக்குலே வருசா வருசம்?"

"ஆளு டீம் மாறிருவானே அக்கா" என்று செல்வன் குறுக்கே விழுந்தான். அவள் பார்த்த பார்வையில் திரும்பச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"மிச்சம் அதிகமும் டிஸ்க் இல்லாம, கடையிலேருந்து நேரா எறக்கினது. தள்ளுபடியில பாதி வெலைக்குக் கெடச்சுது. ஆனா..." ரிஜோ நிறுத்தினான். "அது எனக்க அக்கவுண்டுல கெடக்கு. விக்க முடியாது. பங்கு பிரிக்கவும் முடியாது. நான் யோசிக்கல அக்கா. டிஸ்க்கா வாங்கியிருந்தா பாதி பைசாவாவது தேறியிருக்கும்."

"அப்ப அது உனக்குச் சொந்தமா?"

அந்தக் கேள்விதான் அவன் பயந்த கேள்வி. "பேரு எனக்குள்ளது. வெளயாட்டு எல்லாருக்கும். இந்தக் கன்சோல்ல ஷேரிங்னு போட்டு வச்சிருக்கேன். அவனவன் அவனுக்க பேருல உள்ள வந்து வெளயாடலாம். சந்தாவும் அப்பிடித்தான். வெளியூர் ஆளுககூட ஆடணும்னா சந்தா கட்டணும். நாலு பேரும் தனித்தனியா கட்டாண்டாம், எனக்க ஒண்ணு போதும். முதல்ல வருசம் மூவாயிரம், பிறகு பெருசுக்கு மாறினோம், அதுவும் வெல ஏறி இப்ப ஏழாயிரத்துக்குப் பக்கம். அஞ்சு வருசத்துல இருவத்திநாலு. நிறுத்தினா அதுல வந்த கேம் எல்லாம் பூட்டிக்கிடும்."

சொல்லி முடித்தவன், இதையும் சொல்லிவிடுவோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "ஒண்ணு மட்டும் நான் தப்பு செஞ்சேன். பங்குப் பைசாவுல தொள்ளாயிரம் ரூவாய்க்கு ஒரு கேம் எனக்கு மட்டும் வாங்கினேன். இவனுவ யாரும் ஆடல."

"என்ன கேமு?"

"மீன் பிடிக்க கேமு."

ஜெரிஷ் சிரிக்க ஆரம்பித்தான். "ஏலே, கடல வீட்டு வாசல்ல வச்சுகிட்டு டிவியில தூண்டில் போட்டியா? உங்கப்பா கேட்டா தலையில அடிச்சுக்கிடுவாரு!" பாயில் உருண்டான்.

ஜெனிலா சிரிக்கவில்லை. உதட்டுக்குள் கூட்டிக்கொண்டிருந்தாள். பிறகு காலியான பாயை ஒரு தடவை பார்த்தாள். அவள் முகம் மாறியதை ரிஜோ கண்டான். ஆனால் எந்தப் பக்கம் மாறுகிறது என்று பிடிபடவில்லை.

"ஒரு லட்சத்து எழுவது வருது. சரியாத்தான் இருக்கு" என்றாள். "நான்தான் வெவரமில்லாதவ மாதிரி பாயப் பாத்துகிட்டு இருந்தேன். எனக்க மொதலாளிக்க படகு இப்ப கரையில நிக்குது. பத்து வருசத்துல அவரு போட்ட டீசலும் ஐசும் சாப்பாட்டுச் செலவும் படகுக்க வெலையவிடக் கூடுதலு. அத நான்தான் எழுதுகேன். அந்த டீசல கரையில எடுத்து வைன்னு யாராவது கேப்பாவளா? எரிஞ்சு போச்சுல்லா? இதுவும் எரிஞ்சதுதான். வாங்குனது வெறும் வள்ளம். ஓட்டுனதுதான் செலவு."

"அப்ப அந்தத் தொள்ளாயிரம்?" என்றான் ரிஜோ.

"அது கறிமீனுல்லா. பங்கு வைக்கதுக்கு முன்ன ஆளாளுக்குக் கறிக்கு எடுத்துக்கிடுவாவ இல்லியா? அதுக்கு எந்தக் கரையிலயும் கணக்கு பாக்க மாட்டாவ."

ரிஜோவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கினாற்போல இருந்தது. அவனையறியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

செல்வன் நாகர்கோவிலில் பழைய கன்சோல் வாங்கும் கடைக்கு ஃபோன் போட்டு மதிப்புக் கேட்டான். எல்லாம் சேர்த்து முப்பத்தொன்பதாயிரம் தேறும் என்றான் கடைக்காரன். போன வருடக் கால்பந்து டிஸ்க்குக்கு முந்நூறுக்கு மேல் ஒரு பைசா தரமாட்டானாம். அக்கவுண்டில் கிடப்பதற்கு மதிப்பு பூஜ்யம்.

"அப்ப பெனிட்டோவுக்கு ஒம்பதே முக்கா ஆயிரம்" என்றாள் ஜெனிலா. "விக்கது போக, தலைக்கு மாசம் ஐந்நூத்தம்பது செலவாயிருக்கு. திருவனந்தபுரம் போயி ஒரு சினிமா பாத்தா அதுக்கு மேல ஆகும். மோசமில்ல."

"நாங்க மூணு பேரும் போட்டுத் தாறோம்" என்று ரிஜோ அவசரமாகச் சொன்னான். முப்பதாயிரத்துக்குப் பயந்தவனுக்கு மூவாயிரத்துச் சொச்சம் கரும்பாக இருந்தது.

பெனிட்டோ அப்போதுதான் வாயைத் திறந்தான். "நான் அத வச்சு அங்க புதுசு ஒண்ணு வாங்கலாம்னு..."

"ஒத்தைக்கு வள்ளம் எறக்கப் போறியாலே?" ஜெனிலா திரும்பினாள். "அம்பத்தஞ்சாயிரத்துக்கு அத வாங்கிட்டு, நீங்க நாலு பேரு சேந்து எரிச்ச டீசல நீ ஒருத்தன் எரிப்பியா? உனக்கு ஜின்சி சோறு போடுவாளா? பங்கு இங்கதான் கெடக்கட்டும். மணக்குடிக்கும் நாகர்கோவிலுக்கும் பஸ்ஸு இருக்கு. ஞாயித்துக்கெழம வா, ஆடு, போ. ரிஜோ, இனி மாசாமாசம் கணக்கு சொல்லணும், கேட்டியா?"

"சொல்லுகேன் அக்கா."

அவள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு இறங்கிப் போனாள். ஜெரிஷும் செல்வனும் கன்சோலைத் திரும்ப மாட்டத் தொடங்கினார்கள். பெனிட்டோ வெளியே மொட்டைமாடிச் சுவரில் போய் நின்றான். ரிஜோ அவன் பக்கத்தில் போனான். கேட்காமல் இருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

"நான் எடுத்தேன்னு நெனச்சியா மக்கா?"

"போலே" என்றான் பெனிட்டோ. "அக்கா ஃபோனப் பாத்துட்டு வீட்டுல எல்லாரு முன்னாலயும் கேட்டா. நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா பைசா எங்க போச்சுன்னு கேட்டா எனக்கிட்ட பதிலு இல்ல. நான் சொன்னா யாரு நம்புவா? கூட்டுக்காரன்னு சொல்லிருவாவ. அதான் அவளையே கூட்டிட்டு வந்தேன். கணக்குல அவள ஏமாத்த முடியாதுல்லா. அவ சொன்னா ஊரு நம்பும்."

ரிஜோ அவன் தோளில் முகத்தை வைத்துச் சின்னப் பிள்ளைபோல அழுதான்.