பத்து டிகிரி சாய்வு

தங்கராஜை வேலையை விட்டு அனுப்பியது சந்திரமௌலி சார்தான் என்று புனே ஹடப்சர் பட்டறையில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த மனிதருக்கு ஆத்திரம் உண்டு, அவசரம் உண்டு, ஆனால் பொய் சொல்ல வராது. அது எனக்கு வரும்.

இது 1998இல் நடந்தது. கார்பன் நாரையும் பிசினையும் சேர்த்துத் தகடு செய்கிற கம்பெனி எங்களுடையது. நாரை அடுக்கி, ஓவனில் வைத்துப் பிசினை வேகவைப்பது தங்கராஜின் பொறுப்பு. திருநெல்வேலிக்காரர், புனேயில் பதினெட்டு வருஷமாக அதே வேலை. நான் முரளி, கோயம்புத்தூரிலிருந்து வந்த புது இன்ஜினியர். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் பாக்கி. வெந்த தகட்டில் கோடு போட்டுப் பட்டை பட்டையாக அறுத்து, இழுத்துப் பார்க்கும் மெஷினில் மாட்டுவேன்.

அந்தத் தகட்டில் எல்லா நாரும் ஒரே திசை. நாரோடு நேராக இழுத்தால் ஆயிரத்து நானூறு மெகா பாஸ்கல் தாங்க வேண்டும். முந்நூற்று எண்பதில் பட்டென்று போயிற்று. ஐந்து பட்டைகளும் அப்படியே. உடைந்த வாய் நீளவாக்கில் சாய்ந்து, கத்தியால் சீவியதுபோல் இருந்தது.

சந்திரமௌலி சார் அதன்மேல் கோணமானியை வைத்தார். "பத்து டிகிரி. நார் சாஞ்சிருக்கு" என்றார்.

சாய்ந்தது நார் இல்லை, நான் போட்ட கோடு. வேகவைக்கும் முன் தகட்டின்மேல் ஒரு துணியை ஒட்டுவோம், வெந்ததும் உரித்துவிடுவோம். துணியின் இழைத்தடம் மேலே பதிந்திருக்கும். துணி கோணலாகக் கிடந்தால் தகட்டுக்கு ஒரு நஷ்டமுமில்லை. நான் அந்தத் தடத்தை நார் என்று நினைத்து, அதற்கு இணையாகக் கோடு போட்டிருந்தேன். சட்டைக் கோடுகளைப் பார்த்து எலும்பு இருக்கும் இடத்தைச் சொன்ன கதைதான்.

ஆனால் சார் கால்குலேட்டரைத் தட்டினார். "காஸ் ஸ்கொயர் போட்டா புள்ளி தொண்ணூத்தேழு. பத்து டிகிரிக்கு மூணு பர்சென்ட்தான் குறையணும். இங்க முக்கால்வாசி போயிடுத்து. சாய்வெல்லாம் காரணமில்லே, பிசின் வேகலை. தங்கராஜைக் கூப்பிடு."

அது பாதிக் கணக்கு. இழுப்பில் தொண்ணூற்றேழு சதவீதம் நார் வழியே போகிறது, வாஸ்தவம். ஆனால் சாய்வாக இழுக்கும்போது அதே இழுப்பு ஒரு நாரைப் பக்கத்து நார்மேல் வழுக்கித் தள்ளவும் பார்க்கும். சைனையும் காஸையும் பெருக்கினால் அந்தப் பங்கு பதினேழு சதவீதம். எண் சின்னதுதான். அதைத் தாங்குவது நார் இல்லை, நடுவிலிருக்கும் பிசின். நன்றாக வெந்த பிசினே அந்த வழுக்கலை எழுபது மெகா பாஸ்கல் வரைதான் தாங்கும். முந்நூற்று எண்பதில் பதினேழு சதவீதம் அறுபத்தைந்து. கூடவே நாருக்குக் குறுக்கே பிரிக்கிற இழுப்பும் கொஞ்சம். பிசின் தன் முழு பலத்தையும் காட்டிவிட்டுத்தான் கைவிட்டிருந்தது. தங்கராஜின் வேலை சுத்தம் என்பதற்கு அந்த முந்நூற்று எண்பதே சாட்சி.

இதை இரண்டு நிமிஷத்தில் ஒரு தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால், சாய்வாகக் கோடு போட்டவன் யார் என்ற கேள்வி வரும்.

தங்கராஜ் வந்து நின்றார். "எப்பவும் வைக்க சூடுதான் சார். ஓவன் சார்ட்டப் பாருங்க, சூடு அப்படியே பதிஞ்சிருக்கு."

"சார்ட் இருக்கு, தகடு எங்க? முரளி, நீ சொல்லு. வேற காரணம் ஏதாவது இருக்குமா?"

தங்கராஜ் என் முகத்தைப் பார்த்தார். நான் வந்த புதிதில் ரூம் கிடைக்கும்வரை இருபது நாள் அவர் வீட்டில் சாப்பிட்டவன்.

"தெரியலைங்க சார். பிசினாத்தான் இருக்கணும்" என்றேன்.

மறுநாளே அவரை நிறுத்திவிட்டார்கள். அடுத்த தகட்டை வேறொருவர் வேகவைத்தார். இந்த முறை நான் ஓரத்தில் ஒரு சிம்பைப் பிளந்து, நார் போகிற திசையைப் பார்த்துக் கோடு போட்டேன். ஆயிரத்து நானூற்று இருபது வந்தது. "பாத்தியா, ஆளை மாத்தினதும் சரியாப் போச்சு" என்றார் சார். என் வேலை நிரந்தரமாயிற்று. வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தங்கராஜ் கம்பெனி கேட் அருகே காத்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்தேன்.

"சிஞ்ச்வட்ல, பிம்ப்ரியில எல்லாம் வேல கேட்டேன் முரளி. அங்க என்ன தப்பு செஞ்சீருன்னு கேக்காங்க. எனக்கே தெரியலய. நீங்க படிச்சவுக. சொன்னீங்கன்னா, அடுத்த எடத்துல அதச் செய்யாம இருப்பேம்லா."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. நான் சொன்னது இது: "சூட்டை வேகமா ஏத்திட்டீங்கண்ணா. மெதுவா ஏத்தியிருக்கோணும்."

"பதினெட்டு வருசமா அப்படித்தான ஏத்துதேன். அப்போ ஒரு தகடுகூட நான் ஒழுங்காச் செய்யலயா?"

"ஒண்ணுகூட இல்லைங்கண்ணா" என்றேன்.