நாலாவது கோட்டில் ஒரு வசனம்

ஒன்பதாவது ஒத்திகையிலும் பேச்சிமுத்து நின்றுவிட்டார். மனுஷனுக்கு வாய் திறந்தால் கால் நகராது. இருபத்திரண்டு வருஷம் நாடக மேடையில் நின்று கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசியவருக்கு, 1948-ஆம் வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் சினிமாப் படப்பிடிப்புக்கு வந்து நடந்துகொண்டே பேசு என்றால் எப்படி வரும்?

தண்டவாளத்தில் கேமரா வண்டி பின்னோக்கிப் போகும். நாலு பேரும் அதைப் பார்த்து நடக்க வேண்டும். முன்னால் முதலாளி வேஷமும் மகள் வேஷமும், பின்னால் இன்னொரு நடிகர் செபாஸ்டினும் கணக்கப்பிள்ளையாகப் பேச்சிமுத்துவும். தரையில் சுண்ணாம்பால் நாலு கோடு. நாலாவது கோட்டில் முன்னிருவரும் விலக, பேச்சிமுத்து நடுவில் புகுந்து சொல்ல வேண்டியது ஒரே வசனம்: "முதலாளி, நம்ம தோணி வராது." அவர் நின்றதும் வண்டி தள்ளிப் போய்விடும், முகம் மங்கிவிடும், மேலே கழியில் தொங்கும் மைக்கும் அவரை விட்டுப் போய்விடும்.

டைரக்டர் தேவதாசன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "பிலிம் ஒரே டப்பாதான் இருக்கு அண்ணாச்சி. வெயிலும் சாயுது. நீங்க சும்மா கூட நடங்க, வசனத்தை செபாஸ்டின் சொல்லட்டும்."

பேச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். வேடிக்கைக் கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிச்சம்மாள் நின்றாள். புருஷன் முகம் படத்தில் வரப்போகிறது என்று விளாத்திகுளம் முழுக்கச் சொல்லிவிட்டு, பஸ் ஏறி வந்தவள். அசந்துபோய் அவர் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தார்.

எதிரே சுமைகாரர்கள் உப்பு மூட்டையோடு தோணிக்குப் போனார்கள். "ஏலே, ராத்திரி என்னலே கொழம்பு?" என்று ஒருவன் கேட்க, முன்னால் போனவன் நிற்காமல் பதில் சொன்னான். பாரம் நிற்கவிடுமா?

பேச்சிமுத்து எழுந்தார். "தம்பி, எனக்கொரு மூட்டை குடுங்க. கணக்கப்பிள்ளை வேண்டாம், சுமைகாரனா வாரேன்."

பத்தாவது ஒத்திகை. அரை மூட்டை உப்பு பிடரியை அழுத்த, கால் தன்னால் போயிற்று. நாலாவது கோடு, வசனம், வண்டியோடு வண்டியாக நடை. அடேயப்பா, வந்துவிட்டது!

கேமராக்காரர் ஜேசுபாதம்தான் உதட்டைப் பிதுக்கினார். "மூட்டை நிழல்ல மூஞ்சி இருட்டா விழுது. வெளிச்சம் திருப்புற தகடு இவ்வளவு தூரம் கூடவே ஓடி வராது. மூட்டை இல்லைன்னா மூஞ்சி நல்லாத் தெரியும்."

"மூட்டை இல்லைன்னா வசனம் செபாஸ்டினுக்கு" என்றார் தேவதாசன். "என்ன சொல்றீங்க?"

பேச்சிமுத்து கயிற்றுப் பக்கம் பார்த்தார். ஒன்றும் அறியாத பிச்சம்மாள் கை காட்டினாள். பாவி, இவளிடம் என்ன சொல்வது?

"மூட்டையைத் தூக்கி வைங்க" என்றார்.

படப்பிடிப்பு ஒரே ஓட்டத்தில் முடிந்தது. மூட்டையை இறக்கிவிட்டு, கழுத்தைத் தேய்த்தபடி அவளிடம் போனார்.

"மொகம் நல்லா விழுந்திச்சா?" என்றாள் பிச்சம்மாள்.

"மொகம் விழலை ஏளா. படம் வாரப்போ கண்ணை மூடிக்கிட்டுக் கேளு. நான்தான் பேசுவேன்."

அவள் முந்தானையால் அவர் பிடரியில் ஒட்டியிருந்த உப்பைத் துடைத்தாள்.

"ஊருல எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லணுமே" என்றாள்.